பட்டியலில் இல்லாத செலவு

அன்று காலையிலிருந்தே கட்டம்மாவுக்கு இருப்புக் கொள்ளவில்லை. அடுப்பை அணைத்துவிட்டுத் திரும்பியவள், அணைத்தோமா என்று மறுபடி போய்ப் பார்த்தாள். கைப்பையைத் திறந்து மூக்குக்கண்ணாடி இருக்கிறதா என்று தேடினாள். அது மூக்கின் மேலேயே இருந்தது.

"இன்னிக்கு பட்ஜெட் கூட்டமா?" என்று கேட்டார் கணவர். இருபது வருஷக் குடித்தனம். மனைவியின் முகத்தைப் பார்த்தே என்ன நாள் என்று சொல்லிவிடுவார்.

"மூணு மணிக்கு."

"கணக்கு சரியா இருக்குல்ல?"

"கணக்கு சரியாத்தாங்க இருக்கு. அதான் பயமா இருக்கு."

அவருக்குப் புரியவில்லை. அவளுக்கே முழுதாகப் புரியவில்லை. கணக்குச் சரியாக இருந்தால் நிம்மதியாகத் தூங்கிவிடுகிற பெண் அவள். முந்தின இரவு புரண்டு புரண்டு படுத்ததற்குக் காரணம், சாயங்காலம் வந்த தலைவரின் போன்தான்.

அவள் கணக்கு எழுதுவது, நடக்கச் சிரமப்படும் பிள்ளைகளுக்கான பகல்நேரப் பயிற்சி நிலையத்தில். அதன் நிர்வாகக் குழுவுக்குத் தலைவர், ஒரு தொழிற்சாலையில் மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவர். நல்ல மனிதர்தான். ஆனால் எண்ணைக் கண்டால் ஆளை மறந்துவிடுவார். "வண்டிப் பழுதுக்கு நாம ஒதுக்கினதைவிட ரெண்டு மடங்கு போயிருக்கும்மா. டிரைவரும் மெக்கானிக்கும் கூட்டு வெச்சிருக்காங்க, சந்தேகமே இல்லை. வண்டியை வித்துட்டு வெளியில ஒப்பந்தத்துக்கு விட்டுடலாம்னு நாளைக்கு சொல்லப்போறேன். நீங்க வகைவாரி கணக்கை மட்டும் திரையில போட்டுக் காட்டுங்க, போதும்."

போதுமாம். பிள்ளைகளை ஏற்றி இறக்கும் அந்த வண்டியைப் பத்து வருஷமாக ஓட்டுகிறவருக்கு 'ஹாரன்' என்று பெயர். ஹாரனை அடிக்கவே மாட்டார் என்பதால் வைத்த பெயர் அது. குறுக்கே மாடு வந்தாலும் மனிதன் வந்தாலும் நிறுத்தி, கடந்து போகும்வரை காத்திருப்பார். அந்த மனிதர் திருடன் என்று இன்றைக்கு ஒரு திரை சொல்லப் போகிறது. சொல்ல வைக்கப்போவது கட்டம்மாவின் தாள்.

கட்டம்மா என்பதும் வைத்த பெயர்தான். எதை எடுத்தாலும் கட்டம் போடுவாள். மளிகைச் சீட்டில் கட்டம், மகளின் பரீட்சை அட்டவணையில் கட்டம், உறவுக்காரர் வீட்டு விசேஷத்துக்கு யார் யாரை அழைப்பது என்பதற்கும் கட்டம். பிரசவத்துக்கு விடுப்பில் போன ஒருத்திக்குப் பதிலாகத்தான் இந்த நிலையத்துக்கு வந்தாள். அந்தப் பெண் திரும்பி வரவில்லை, இவள் திரும்பிப் போகவில்லை. சம்பளம் அப்படியொன்றும் பெரிதில்லை. பிள்ளைகளில் எவராவது முதல்முறை பிடிமானமில்லாமல் நின்றுவிட்டால் எல்லாருக்கும் மிட்டாய் கொடுப்பார்கள். அந்த மிட்டாய்க்காகவே இங்கே இருக்கிறேன் என்று வீட்டில் சொல்வாள். அது பாதி விளையாட்டு, பாதி உண்மை.

செலவுத் தாளின் கதையைச் சொல்லாமல் இந்தக் கதை நகராது. நிலையத்தின் செலவுகள் எல்லாம் இணையத்தில் இருக்கும் ஒரே பொதுத்தாளில் ஏறும். ஓட்டுநர், சமையல்கார அம்மா, உடற்பயிற்சி சிகிச்சை செய்யும் பெண், நிலையத்தை நடத்தும் பெரிய டீச்சர் என்று ஆளாளுக்குத் தங்கள் போனிலிருந்து எழுதுவார்கள். தேதி, செலவு வகை, விவரம், தொகை என்று நான்கு பத்திகள். எழுதுவதற்கு ஆள் அதிகம், எழுத்துக்கு ஒழுங்கு கிடையாது. ஒருவர் 'டீசல்' என்பார். இன்னொருவர் 'வண்டி எண்ணெய்' என்பார். மூன்றாமவர் 'டீசல்' என்றே எழுதிவிட்டுக் கடைசியில் ஓர் இடைவெளியைத் தட்டிவைப்பார். கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான், கணினிக்கு வேறு வேறு. மொத்தக் கணக்குப் பக்கம் 'டீசல்' என்று அச்சு அசலாக இருப்பதை மட்டும் கூட்டும், மற்றதைத் திரும்பியும் பார்க்காது. போன வருஷக் கூட்டத்தில் டீசல் செலவு பாதியாகக் குறைந்திருப்பதைப் பார்த்துத் தலைவர் பாராட்டுத் தெரிவித்தார். ஓட்டுநருக்கு ஒரு சால்வைகூடப் போட்டார்கள். இரண்டு நாள் கழித்துத்தான் மீதிப் பாதி எங்கே ஒளிந்திருந்தது என்று தெரிந்தது. போட்ட சால்வையைத் திருப்பிக் கேட்கவா முடியும்?

அந்த அவமானத்தில் கட்டம்மா முடிவெடுத்தாள். தனியாக ஒரு பக்கத்தில் பதினெட்டு வகைகளை எழுதினாள். செலவு வகைப் பத்தியில் இனி யாரும் தட்டச்சுச் செய்து பெயர் வைக்க முடியாது. கட்டத்தைத் தொட்டால் பட்டியல் கீழே விரியும், அதில் ஒன்றைத் தொட வேண்டும். அதில் இல்லாததை எழுதினால் தாள் வாங்காது. எச்சரித்துவிட்டு விட்டுவிடலாம் என்றும் ஒரு வசதி உண்டு, ஆனால் எச்சரித்தால் கேட்கிற கூட்டமா இது? நிராகரிக்கும்படியே வைத்தாள். தொகைப் பத்தியில் எண் மட்டும், தேதிப் பத்தியில் தேதி மட்டும். வகைப் பட்டியலை அவளைத் தவிர யாரும் தொட முடியாதபடி பூட்டினாள். பழைய பதிவுகளில் பட்டியலோடு ஒத்துப்போகாதவை மூலையில் சிவப்புக் குறியோடு பல்லிளித்தன. ஒரு வாரம் உட்கார்ந்து அத்தனையையும் திருத்தினாள். பட்டியலை விட்டு எவராவது வேறெதையாவது எழுதினால் எழும்பும் அறிவிப்பையும் அவளே எழுதினாள்: 'பட்டியலில் உள்ளதை மட்டும் தேர்ந்தெடுக்கவும்.'

மொத்தக் கணக்குப் பக்கத்தின் அடியில் ஒரு கட்டம் வைத்தாள். எல்லா வகைகளின் கூட்டலும் மொத்தச் செலவும் ஒத்துப்போகிறதா என்று பார்க்கும் கட்டம் அது. பெயர் 'வித்தியாசம்'. அன்று முதல் அதில் பூஜ்ஜியம்தான். காலையில் வந்ததும் அந்தப் பூஜ்ஜியத்தைப் பார்த்துவிட்டுத்தான் அடுத்த வேலை. பூஜ்ஜியத்தைப் பார்த்துப் பூரித்துப்போன பெண் உலகத்திலேயே அவள் ஒருத்தியாகத்தான் இருக்கும்.

இவ்வளவு காபந்து பண்ணிய தாளில்தான் இப்போது வண்டிப் பழுது ஊதிப்போய் நிற்கிறது.

அலுவலக அறைக்கு வந்ததும் கணினியைத் திறந்தாள். வித்தியாசம் பூஜ்ஜியம். முதல்முறையாக அந்தப் பூஜ்ஜியத்தின் மேல் அவளுக்குக் கோபம் வந்தது. வண்டிப் பழுதை மட்டும் வடிகட்டி எடுத்துப் பார்த்தாள். டயர், பிரேக், பேட்டரி. எல்லாவற்றுக்கும் ரசீது இருந்தது. அவற்றுக்கு நடுவே வாரம் தவறாமல் ஒரே தொகை, ஒவ்வொரு சனிக்கிழமையும். எந்த வண்டி வாராவாரம் அதே தொகைக்குப் பழுதாகும்? பக்கத்து விவரப் பத்தியைப் பார்த்தாள். அத்தனையிலும் ஒரே சொல்தான் இருந்தது. 'அக்கா'.

மாதக்கணக்காக அந்தச் சொல் அங்கேதான் இருந்திருக்கிறது. மொத்தக் கணக்குப் பக்கம் விவரப் பத்தியைப் பார்க்காது. அதனால் அவளும் பார்க்கவில்லை.

வாசலில் வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்த ஹாரனிடம் கிட்டத்தட்ட ஓடினாள்.

"அண்ணே, வண்டிப் பழுதுல 'அக்கா'ன்னு எழுதியிருக்கீங்களே, என்ன அது?"

"நம்ம அக்கா கூலிம்மா." அவர் துணியைப் பிழிந்தார். "சனிக்கிழமை சனிக்கிழமை வண்டிச் செலவுக் காசுல இருந்து கொடுப்பேன்ல?"

அக்கா என்றால் வண்டியில் பிள்ளைகளோடு வருகிறவள். மழைக்காலத்துக்கு முன்பு ஒருநாள், வண்டி வரும் வழியில் ஒரு சின்னப் பெண் பெல்ட்டைக் கழற்றிவிட்டுக் கதவுப் பிடியைத் திருப்பிவிட்டாள். நல்லவேளை, ஹாரன் சிக்னலில் நிறுத்தியிருந்தார். மறுநாளே பெரிய டீச்சர் துணைக்கு ஓர் ஆளை ஏற்பாடு செய்தார். ஏறும்போது தூக்கி, இறங்கும்போது தாங்கி, நடுவில் வாந்தி எடுத்தால் துடைத்து, அழுதால் சமாதானப்படுத்தி வருகிறவள். பிள்ளைகள் அக்கா என்றார்கள், பிறகு எல்லாருக்கும் அக்கா ஆனாள். கட்டம்மாவும் தினமும் அவளைப் பார்த்துச் சிரிப்பாள். அவளுக்குக் கூலி எங்கிருந்து போகிறது என்று மட்டும் யோசித்ததில்லை. பெரிய டீச்சர் பார்த்துக்கொள்வார் என்றிருந்தாள்.

"அதை ஏண்ணே பழுதுல போட்டீங்க?"

"முதல் வாரம் 'அக்கா கூலி'ன்னுதான் அடிச்சேன். வாங்க மாட்டேன்னுடுச்சு. உங்களுக்குப் போன் பண்ணேன். நீங்க ஏதோ அவசரத்துல இருந்தீங்க. 'லிஸ்ட்ல இருக்கிறதுல ஒண்ணை எடுங்கண்ணே, என்னைப் போட்டு உயிரை வாங்காதீங்க'ன்னீங்க. லிஸ்ட்ல வண்டின்னு ஆரம்பிக்கிறது ஒண்ணுதான் இருந்துச்சு. வண்டிக்குத்தானே வர்றாங்க, போட்டேன். தாளும் சரின்னு வாங்கிக்கிச்சு."

தாள் சரி என்று வாங்கிக்கொண்டது. வாங்காமல் என்ன செய்யும்? 'வண்டிப் பழுது' என்ற சொல் பட்டியலில் இருக்கிறதா என்றுதான் அதற்குத் தெரியும். அன்றைக்கு நிஜமாகவே வண்டி பழுதானதா என்று அதற்குத் தெரியாது. அது தெரிய வேண்டியவள் போனை வைத்துவிட்டாள். கட்டம்மாவுக்கு வெட்கத்தில் காது சுட்டது.

"ஏதாச்சும் பிரச்சினையாம்மா?" என்றார் ஹாரன். தலைவர் சொன்னதை அவரிடம் சொல்ல அவளுக்கு நாக்கு எழவில்லை. "இல்லண்ணே, சும்மாதான் கேட்டேன்" என்று திரும்பிவிட்டாள்.

பெரிய டீச்சரிடம் போய் எல்லாவற்றையும் கொட்டினாள். அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

"தப்பு என்னோடது. குழுகிட்ட அனுமதி கேட்கணும்னு நினைச்சேன். கேட்டா தலைவர் இல்லைன்னுடுவாரோன்னு தள்ளிப் போட்டேன். அப்புறம் மறந்தே போச்சு." பிறகு குரலைத் தாழ்த்தினார். "கேளுங்க. இன்னும் நேரம் இருக்கு. அந்தத் தொகையைப் பிரிச்சுப் போட்டுடுங்களேன். சமையல்ல கொஞ்சம், எழுதுபொருள்ல கொஞ்சம், பராமரிப்புல கொஞ்சம். எதுவும் உறுத்தாது. ஹாரனும் தப்பிப்பார், அக்காவும் தப்பிப்பாங்க. தனியா காட்டினா, யாரைக் கேட்டு வெச்சீங்கன்னு அந்தப் பொண்ணைத்தான் முதல்ல நிறுத்துவார்."

அதில் நியாயம் இல்லாமல் இல்லை. அதுதான் கட்டம்மாவைப் படுத்தியது. அப்படியே விட்டால் ஹாரன் திருடன். உண்மையை எழுதினால் அக்காவுக்கு வேலை போகலாம். பிரித்துப் போட்டால் யாருக்கும் ஒன்றுமில்லை. எல்லாமே பட்டியலில் உள்ள வகைகள், ஒரு சிவப்புக் குறிகூட வராது. வித்தியாசம் பூஜ்ஜியமாகவே இருக்கும். பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்த கதையாகிவிட்டதே என்று மனம் அடித்துக்கொண்டது.

மதியச் சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்து மூடினாள். தண்ணீர் குடிக்கப் போனாள், குடிக்காமல் வந்தாள். கணினி முன் உட்கார்ந்து முதல் சனிக்கிழமைப் பதிவைத் தொட்டாள். பட்டியல் விரிந்தது. 'எழுதுபொருள்' மேல் கையை வைத்தாள். வாந்தி துடைத்த கூலி எழுதுபொருளா? கையை எடுத்துவிட்டாள். அதற்குள் வாசலில் தலைவரின் கார்ச் சத்தம் கேட்டது.

கூட்டத்தில் பெரிய டீச்சரும் சிகிச்சைப் பெண்ணும் உட்பட ஐந்து பேர். சுவரில் தாள் பெரிதாகத் தெரிந்தது. தலைவர் எழுந்து, வண்டிப் பழுது வரிசையைக் கையிலிருந்த குச்சியால் தொட்டார்.

"எண் பொய் சொல்லாது. நம்ம கணக்கம்மா தாளை அவ்வளவு சுத்தமா வெச்சிருக்காங்க. அதனாலதான் இது கண்ணுல பட்டுச்சு."

"சார்," என்றாள் கட்டம்மா. "தாள் சுத்தமா இருக்கு. உண்மையா இல்லை."

எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். பெரிய டீச்சர் வேண்டாம் என்பதுபோல் தலையசைத்தார். பேச ஆரம்பித்தால் எங்கேயாவது தடுமாறிவிடுவோம் என்று பயந்து, கட்டம்மா கையால் வேலையைத் தொடங்கினாள். வகைப் பட்டியலைத் திறந்து பத்தொன்பதாவது வரியில் 'வண்டித் துணையாளர் கூலி' என்று எழுதினாள். செலவுப் பக்கத்துக்கு வந்து முதல் சனிக்கிழமைக் கட்டத்தைத் தொட்டாள். விரிந்த பட்டியலில் புதிய பெயர் இல்லை. பதற்றத்தில் அதையே தட்டச்சுச் செய்தாள். திரை நடுவில் அவள் எழுதிய வாசகமே எழும்பி நின்றது: 'பட்டியலில் உள்ளதை மட்டும் தேர்ந்தெடுக்கவும்.'

ஒருவர் சிரித்துவிட்டார். கட்டம்மாவுக்கு வேர்த்தது. சட்டென்று புரிந்தது. பதினெட்டு வரிகளை மட்டும்தான் பார் என்று விதியில் எல்லை கட்டியிருந்தாள். ஒரு வரிகூட மிச்சம் விடவில்லை. இதற்கு மேல் ஒரு செலவு வரும் என்றே அப்போது அவளுக்குத் தோன்றவில்லை. எல்லையை நீட்டினாள். புதிய பெயர் பட்டியலின் அடியில் வந்து உட்கார்ந்தது. ஒவ்வொரு சனிக்கிழமையாக மாற்றிக்கொண்டே போனாள். விவரப் பத்தியில் 'அக்கா', 'அக்கா', 'அக்கா' என்று வரி வரியாகப் போவதை எல்லாரும் படித்தார்கள்.

மொத்தக் கணக்குப் பக்கத்துக்குப் போனாள். வண்டிப் பழுது இறங்கி, ஒதுக்கிய தொகைக்குள் அடங்கியிருந்தது. புதிய வகைக்கு அங்கே இன்னும் வரி போடவில்லை. அதனால் அடியில் இருந்த வித்தியாசக் கட்டத்தில், அதை வைத்த நாளிலிருந்து முதல்முறையாகப் பூஜ்ஜியம் போய் ஒரு தொகை நின்றது.

"இது என்ன?" என்றார் தலைவர்.

"இதுதான் சார் ஹாரன் அண்ணன் திருடினதா நீங்க நினைச்சது. வண்டியில பிள்ளைங்களைப் பிடிச்சுக்கிட்டு வர்றாங்களே அக்கா, அவங்க கூலி. அவர் என்கிட்ட கேட்டார். எங்கே எழுதுறதுன்னு போன் பண்ணிக் கேட்டார். நான்தான் காது கொடுக்கலை. அப்படி ஒரு வகையே நான் வைக்கலை."

"நான்தான் வேலைக்கு வெச்சேன்," என்றார் பெரிய டீச்சர், எழுந்து நின்று. "உங்ககிட்ட கேட்காம வெச்சது என் தப்பு."

தலைவரின் முகம் கறுத்தது. "அனுமதி இல்லாத செலவு. நாளைக்கு ஆளாளுக்கு ஒருத்தரை வெச்சா என்ன ஆகும்?" அவர் அந்தத் தொகையையே பார்த்துக்கொண்டிருந்தார். கட்டம்மா மேசைக்கு அடியில் விரல்களைப் பின்னிப் பின்னிப் பிரித்தாள். சிகிச்சைப் பெண்தான் மெதுவாகக் கேட்டாள். "சார், நீங்க சொன்ன ஒப்பந்த வண்டியில துணைக்கு ஆள் வருவாங்களா?"

தலைவர் தன் காகிதங்களைப் புரட்டினார். ஒருமுறை, இன்னொருமுறை. "அதுக்கு ஒப்பந்தக்காரன் தனிக் காசு கேட்கிறான்," என்று கடைசியில் ஒத்துக்கொண்டார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "சரி. வரியைப் போடுங்க. அடுத்த வருஷத்துக்கு இதுக்குத் தொகையும் ஒதுக்குங்க. டீச்சர், இனிமே என்னைக் கேட்காம எதுவும் கூடாது." பிறகு, "டிரைவர் விஷயமா நான் சொன்னதை யார்கிட்டயும் சொல்ல வேண்டாம்" என்றார். சொல்லும்போது அவர் யாரையும் பார்க்கவில்லை.

வரியைப் போட்டாள். வித்தியாசம் பூஜ்ஜியத்துக்குத் திரும்பியது. எழுந்து வெளியே வந்தபோது அவளுக்குச் சந்தோஷம் பொங்கியது. யாரிடமாவது சொல்லாவிட்டால் தலை வெடித்துவிடும் போலிருந்தது.

வாசலில் பிள்ளைகளை ஏற்றும் நேரம். அக்கா ஒரு பையனை இடுப்பில் தாங்கி, அவனது ஊன்றுகோல்களை அக்குளில் இடுக்கிக்கொண்டு படியேறினாள். அவனை உட்காரவைத்துப் பெல்ட்டைப் போட்டுவிட்டு இறங்கியதும் கட்டம்மா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அக்கா, இனிமே உங்க கூலி முறைப்படி வரும். கணக்குல உங்களுக்குன்னு தனி இடம் போட்டாச்சு. குழுவே ஒத்துக்கிச்சு!"

அக்கா சிரித்தாள். பிறகு ஒரு சந்தேகம் வந்ததுபோல் நின்றாள்.

"அப்போ இத்தனை நாள் நான் எதுல மேடம் இருந்தேன்?"

ஹாரன் சட்டென்று குனிந்து டயரைப் பார்த்தார். மழுப்பிவிடலாமா என்று கட்டம்மாவுக்கு ஒரு கணம் தோன்றியது. காலையிலிருந்து பட்ட பாடு அதற்கு இடம் கொடுக்கவில்லை.

"வண்டிப் பழுதுல அக்கா."

அக்காவின் சிரிப்பு நின்றது. கோபப்படவில்லை. தோளில் கிடந்த துண்டை எடுத்து, பையனின் எச்சில் பட்ட கையைத் துடைத்துக்கொண்டாள்.

"தினம் உங்க ரூம் வாசல் வழியாத்தான் மேடம் போறேன்," என்றாள். "என்ன வேலை பண்றேன்னு என்னை ஒரு வார்த்தை கேட்டிருந்தா நானே சொல்லியிருப்பேனே."

உள்ளேயிருந்து அடுத்த பிள்ளை கூப்பிட்டது. அக்கா போய்த் தூக்கி வந்தாள். படியருகே நின்றிருந்த கட்டம்மா கையை நீட்டி அதன் ஊன்றுகோலை வாங்கிக்கொண்டாள்.